பதிவேற்றம் ஓடும்போது வீடியோ அழைப்பு ஏன் உறைகிறது?

வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவர் நமக்குத் தெளிவாகத் தெரிகிறார், அவர் பேசுவதும் தடையின்றிக் கேட்கிறது. ஆனால் நம் படம் நின்றுவிட்டது என்றும் குரல் வெட்டி வெட்டி வருகிறது என்றும் அவர் சொல்கிறார். இப்படி ஒரு பக்கம் மட்டும் கெட்டுப்போகும் அழைப்பைப் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு நம் இணைப்பின் பதிவேற்றத் திசையில்தான் இருக்கும். வேகச் சோதனை செய்து பார்ப்பவர் 300 மெகாபிட் என்ற எண்ணைக் கண்டு நிம்மதி அடைந்து, குறையை அழைப்புச் செயலியின் மீதோ எதிர்ப்பக்கத்து இணைப்பின் மீதோ போட்டுவிடுகிறார். அந்த எண் பதிவிறக்கத்தின் வேகம். நம் முகமும் குரலும் வெளியே செல்லும் வழி வேறு. வட அமெரிக்காவின் கேபிள் இணைப்புகள் பலவற்றில் அதன் அகலம் பதிவிறக்க வழியில் முப்பதில் ஒரு பங்காகக்கூட இருப்பதுண்டு.

ஆனாலும் வழி குறுகியது என்பது மட்டுமே முழு விளக்கம் ஆகாது. நல்ல தரமான ஒரு வீடியோ அழைப்புக்கு நொடிக்கு இரண்டு மெகாபிட் பதிவேற்றம் போதும். குரலுக்கு மட்டும் என்றால் அதில் இருபதில் ஒரு பங்கே தாராளம். பத்து மெகாபிட் பதிவேற்றம் உள்ள வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் அழைப்பில் இருக்கலாம். அப்படியிருந்தும், அதே வீட்டில் யாராவது ஒருவர் ஒரே ஒரு பெரிய கோப்பை அனுப்பத் தொடங்கியவுடன் ஒற்றை அழைப்பு கூட நிலைகுலைந்துவிடுகிறது. இதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால், திட்டத்தை மாற்றாமலே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். எந்தப் பாதி தீராது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு வீட்டின் கணக்கு

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கேபிள் இணைப்பு, பதிவிறக்கம் 300 மெகாபிட், பதிவேற்றம் 10 மெகாபிட். வீட்டில் ஒருவர் திருமண வீடியோ எடுப்பவர். எடுத்து முடித்த 8 ஜிகாபைட் கோப்பு ஒன்றைத் தொகுப்பாளருக்காகக் கிளவுடில் ஏற்றுகிறார். அதே மாலையில் அடுத்த அறையில் அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையோடு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்.

முதலில் கோப்பின் கணக்கு. கோப்புகளின் அளவு பைட்டிலும் இணைப்பின் வேகம் பிட்டிலும் சொல்லப்படுவதால், எட்டால் பெருக்கியாக வேண்டும். 8 ஜிகாபைட் என்பது 64,000 மெகாபிட். நொடிக்குப் பத்து என்று அனுப்பினால் 6,400 நொடி. இதோடு, கோப்பு பாக்கெட் என்ற சிறு சிறு துண்டுகளாகவே அனுப்பப்படுகிறது; ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் முகவரியும் பிற குறிப்புகளும் இருப்பதால், வழியின் கொள்ளளவில் ஏறத்தாழ 6 விழுக்காடு அவற்றுக்கே போய்விடும். ஆக மொத்தம் ஒரு மணி 53 நிமிடம் அளவில் ஆகும். இதே கோப்பை அதே வீட்டில் பதிவிறக்கினால் நான்கு நிமிடத்துக்குள் வந்துவிடும். எந்தக் கோளாறும் இல்லாத, சொன்ன வேகத்தைச் சரியாகக் கொடுக்கும் இணைப்பின் கணக்கு இது. ஆகவே இரண்டு மணி நேரம் ஆகிறது என்பதற்காக ரவுட்டரை அணைத்துப் போடுவதாலும் வைஃபை பெட்டியை இடம் மாற்றுவதாலும் பயன் இல்லை.

கோப்பு மெதுவாகப் போவது, வாங்கிய திட்டத்தின் நேரடி விளைவு. ஆனால் அடுத்த அறையில் நடப்பது அப்படியல்ல. பதிவேற்றம் தொடங்கிய சில நொடிகளில் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை, "அக்கா, உங்கட படம் நிண்டுட்டுது, சத்தமும் விட்டு விட்டுத்தான் வருது" என்கிறார். அழைப்புக்குத் தேவை இரண்டு மெகாபிட்; வழியின் கொள்ளளவு பத்து. கோப்பு எட்டை எடுத்துக்கொண்டு இரண்டை விட்டுவைத்தால் இருவருக்கும் போதும். ஏன் அப்படிப் பிரிவதில்லை?

மோடத்துக்குள் நிற்கும் வரிசை

வீட்டுக்குள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வழி நூறு மெகாபிட்டோ ஆயிரமோ இருக்கும். ரவுட்டரிலிருந்து மோடத்துக்கும் அப்படியே. மோடத்திலிருந்து வெளியே போகும் இடத்தில்தான் அது பத்தாகச் சுருங்குகிறது. வேகமாக வந்து சேரும் பாக்கெட்டுகள் அந்த இடத்தில் காத்திருந்துதான் வெளியேற வேண்டும். அதற்காக மோடத்தில் பஃபர் என்ற தற்காலிக நினைவகம் இருக்கிறது. 1,500 பைட் கொண்ட ஒரு பாக்கெட் பத்து மெகாபிட் வழியில் வெளியேற 1.2 மில்லிநொடி ஆகும். பஃபரின் அளவு ஒரு மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 670 பாக்கெட்டுகள் நிற்கும். அது நிரம்பியிருக்கும்போது புதிதாக வரும் பாக்கெட் ஒன்று வெளியே போக 800 மில்லிநொடி, அதாவது முக்கால் நொடிக்கும் மேல் காத்திருக்க வேண்டும்.

கோப்பை அனுப்பும் டிசிபி நெறிமுறையின் இயல்பு அந்தப் பஃபரை நிரப்பியே தீரும். தனக்கு எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பது டிசிபிக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே அது வேகத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. எங்காவது ஒரு பாக்கெட் தொலைந்தால்தான் வழி நிரம்பிவிட்டது என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் பரவலாக இருக்கும் கியூபிக் என்ற முறை இவ்வாறுதான் இயங்குகிறது. பஃபர் நிரம்பி வழியும் வரை ஒரு பாக்கெட்டும் தொலையாது என்பதால், பஃபர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நீளத்துக்கு வரிசை வளரும். தொலைந்ததும் சற்றுக் குறைந்து, மறுபடி நிரம்பும். பதிவேற்றம் நடக்கும் இரண்டு மணி நேரமும் வரிசை ஏறக்குறைய நிரம்பியே நிற்கும். கோப்புக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. அதன் கடைசி பைட் முக்கால் நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நட்டம் எல்லாம் அதே வரிசையின் கடைசியில் வந்து நிற்கும் குரல் பாக்கெட்டுக்குத்தான். நீண்ட வரிசையில் ஒரே ஒரு பயணச்சீட்டு வாங்க நிற்பவர், தமக்கு முன்னால் நூறு சீட்டு வாங்குபவர் முடிக்கும் வரை காத்திருப்பதைப் போன்ற நிலை அது.

உரையாடலுக்கு எவ்வளவு தாமதம் தாங்கும் என்பதற்குப் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரைப்படி, ஒரு திசையில் 150 மில்லிநொடி வரை பெரும்பாலான பேச்சுக்கு இடையூறு இல்லை. 400ஐத் தாண்டினால் ஏற்கத்தக்கதல்ல. டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய்த் திரும்பும் பயணத்துக்கே தூரத்தின் காரணமாகக் கால் நொடி அளவு ஆகிவிடும். அதன் மேல் மோடத்தில் 800 மில்லிநொடி சேர்ந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், மறுபடி ஒன்றாகத் தொடங்குவார்கள்.

தாமதத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. என் பார்வையில் அதுவே படம் உறைவதற்கு முதன்மைக் காரணம். வீடியோ அழைப்புச் செயலிகள் டிசிபியைப் போல் பாக்கெட் தொலையும் வரை காத்திருப்பதில்லை. உலாவிகளில் இயங்கும் வெப்ஆர்டிசி முறையில், பாக்கெட்டுகளுக்கு இடையிலான தாமதம் கூடத் தொடங்கியதுமே வழியில் நெரிசல் என்று முடிவு செய்து, அனுப்பும் வேகத்தைச் செயலி தானாகக் குறைத்துக்கொள்ளும். அடக்கமான இந்த ஏற்பாடு, தன்னைப் போன்ற அழைப்புகளோடு வழியைப் பகிரும்போது அழகாக வேலை செய்கிறது. ஆனால் பக்கத்தில் ஓடுவது பஃபரை நிரப்பும் டிசிபி என்றால், அழைப்பு விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு கிலோபிட்டையும் கோப்பு எடுத்துக்கொள்ளும். தாமதம் குறையவே குறையாது; ஆகவே அழைப்பு மேலும் குறைக்கும். இரண்டு மெகாபிட்டில் தொடங்கிய படம் சில நொடிகளில் மங்கலாகி, கட்டம் கட்டமாகி, கடைசியில் நின்றுவிடுகிறது. பத்து மெகாபிட்டில் எட்டும் இரண்டுமாகப் பிரியாமல் போவதற்கு இதுவே காரணம். அதே நேரம் எதிர்ப்பக்கத்தின் படம் பதிவிறக்க வழியில் வருவதால், அது நமக்கு நன்றாகவே தெரிந்துகொண்டிருக்கும். பத்துப் பேர் கூடும் அழைப்பிலும் இதே நிலைதான்: நம் படம் சேவையகத்துக்கு ஒரு முறைதான் ஏறுகிறது, மற்ற ஒன்பது பேரின் படங்களும் அகலமான பதிவிறக்க வழியில் இறங்குகின்றன.

அளவுக்கு மீறிய பஃபரால் வரும் இந்தத் தாமதத்துக்கு ஜிம் கெட்டிஸ் என்ற கணினி நிரலாளர் 2010ஆம் ஆண்டு வாக்கில் 'பஃபர்ப்ளோட்' என்று பெயரிட்டுப் பரவலான கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவர் தம் வீட்டுக் கேபிள் இணைப்பில் பெரிய கோப்புகளை அனுப்பும்போது கண்டதே அதற்குத் தொடக்கம். மோடம் செய்பவர்கள் ஏன் இவ்வளவு பெரிய பஃபரை வைத்தார்கள் என்ற கேள்விக்கு நியாயமான விடை உண்டு. தொலைதூரச் சேவையகத்துக்கு முழு வேகத்தில் அனுப்ப வேண்டுமென்றால், போய்த் திரும்பும் நேரத்துக்கான பைட்டுகள் வழியில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கால் நொடிப் பயணத்துக்குப் பத்து மெகாபிட்டில் ஏறத்தாழ 310 கிலோபைட் ஆகிறது. அதே மோடத்தை நூறு மெகாபிட் பதிவேற்றம் வாங்கியவருக்கும் விற்க வேண்டுமானால், பத்து மடங்கு வைக்கத் தோன்றும். நினைவகம் மலிவானதும் யாரும் குறைக்கவில்லை. உயர்ந்த வேகத்துக்காக அளந்த பஃபர், குறைந்த வேகத் திட்டம் வாங்கியவர் வீட்டில் அதே அளவில் இருப்பதால், தாமதம் பல மடங்காகிறது. பதிவேற்றம் குறுகலான திட்டங்களில் இந்த நோய் அதிகமாகத் தெரிவது இதனால்தான்.

பதிவேற்றம் ஏன் இவ்வளவு குறுகியது

வட அமெரிக்கக் கேபிள் வலைப்பின்னல் தொலைக்காட்சிக்காகப் போடப்பட்டது. அங்கே இரண்டாம் எண் அலைவரிசை 54 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதிலிருந்து மேலே உள்ளதெல்லாம் வீடுகளை நோக்கி இறங்கும் திசைக்கு ஒதுக்கப்பட்டது. வீடுகளிலிருந்து திரும்பி வரும் திசைக்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறிய துண்டு மட்டுமே கிடைத்தது. அந்தத் துண்டும் தூய்மையானதல்ல. சிற்றலை வானொலி, வீட்டு மோட்டார்கள், தளர்ந்த இணைப்பான்கள் ஆகியவற்றின் இரைச்சல் எல்லாம் அந்த அதிர்வெண்களில்தான் புகுகிறது. ஒரு தெருவின் எல்லா வீடுகளிலிருந்தும் வரும் இரைச்சல் மையத்தை நோக்கிப் போகப் போக ஒன்றாகச் சேர்ந்துகொள்ளவும் செய்கிறது.

இதன் அளவைப் பார்க்கலாம். டாக்சிஸ் 3.0 என்ற கேபிள் நெறிமுறையில், 6.4 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பதிவேற்றச் சேனல் நல்ல நிலையில் 27 மெகாபிட் அளவு தரும். அந்தத் துண்டில் பொதுவாக நான்கு சேனல்கள் அடங்கும். மொத்தம் நூறு மெகாபிட்டை ஒட்டி வரும். பதிவிறக்கத்தில் ஒரு சேனல் 38 மெகாபிட் அளவு தரும். 32 சேனல்களை இணைத்தால் 1,200 மெகாபிட். இந்த நூறும் ஆயிரத்து இருநூறும் ஒரு வீட்டுக்கானவை அல்ல. ஒரே கிளையில் தொங்கும் நூற்றுக்கணக்கான வீடுகள் பகிர்ந்துகொள்பவை. எனவே அந்த வகைக் கேபிளில் ஒரு வீட்டுக்குப் பத்து மெகாபிட் என்று நிறுவனம் வைப்பதற்குப் பின்னால் உண்மையான தொழில்நுட்பக் கட்டாயம் இருந்தது. தமிழ்நாட்டில் தொலைபேசிக் கம்பி வழியே பிராட்பேண்ட் வைத்திருந்தவர்களுக்கும் இது பழக்கமானதுதான். ஏடிஎஸ்எல் முறையில் பதிவேற்றத்துக்கு ஒதுக்கியது 138 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய பட்டை மட்டும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் பதிவிறக்கத்துக்கு.

கண்ணாடி இழைக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. பரவலாக உள்ள ஜிபான் முறையில் பதிவிறக்கம் நொடிக்கு 2.5 ஜிகாபிட், பதிவேற்றம் 1.25 ஜிகாபிட், விகிதம் இரண்டுக்கு ஒன்று. புதிய எக்ஸ்ஜிஎஸ்-பான் முறையில் இரு திசையிலும் பத்து. இழை இணைப்பில் முப்பதுக்கு ஒன்று என்று ஒரு திட்டம் விற்கப்பட்டால், அந்த விகிதத்தை வைத்தது கம்பியல்ல, விலைப்பட்டியல். அப்படிப்பட்ட திட்டத்தை விற்கும் நிறுவனத்திடம் வாடிக்கையாளர் கேட்டு வாதாடலாம் என்பது என் கருத்து. கேபிளிலும் நிலைமை மாறிவருகிறது. பதிவேற்றத் துண்டை 85 மெகாஹெர்ட்ஸ் வரையோ 204 வரையோ விரிக்கும் பணி பல நகரங்களில் நடக்கிறது. பிராட்பேண்ட் என்று அழைக்கத் தேவையான அளவு, அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையத்தின் வரையறையில் 2015இல் பதிவிறக்கம் 25 மெகாபிட்டுக்குப் பதிவேற்றம் 3 ஆக இருந்தது. 2024 மார்ச்சில் 100க்கு 20 என்று உயர்த்தப்பட்டது. கனடாவின் ஆணையம் 2016இலேயே 50க்கு 10 என்று வைத்திருந்தது.

கோளாறு இதுதானா என்று கண்டறிவது

பழைய வகை வேகச் சோதனைகள் தாமதத்தை வழி காலியாக இருக்கும்போதுதான் அளந்தன. அங்கே 15 மில்லிநொடி என்று வரும். பதிவேற்றம் ஓடும்போது வருவது வேறு. அதைக் காண, கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து, இரண்டு முனையச் சாளரங்களில் இவற்றை ஓடவிட வேண்டும். முதலாவது ரவுட்டரின் முகவரி. அது வீட்டுக்கு வீடு மாறும். இரண்டாவது வெளியே உள்ள ஒரு சேவையகம். விண்டோஸில் தொடர்ந்து ஓட `-t` சேர்க்க வேண்டும்; மற்றவற்றில் அதை நீக்கிவிட வேண்டும்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

ஒரு நிமிடம் அமைதியாக ஓடவிட்டுப் பிறகு பெரிய கோப்பின் பதிவேற்றத்தைத் தொடங்க வேண்டும். நம் ஸ்கார்பரோ வீட்டில், முதல் சாளரம் 1 மில்லிநொடியிலேயே நிற்க, இரண்டாவது 15இலிருந்து சில நொடிகளில் 200, 500, 800 என்று ஏறும். பதிவேற்றத்தை நிறுத்தியதும் ஓரிரு நொடியில் 15க்கு இறங்கிவிடும். இப்படி ஏறி, நிறுத்தியதும் இறங்கினால், வரிசை வெளிவழியில்தான் நிற்கிறது என்பது உறுதி. கேபிளை எடுத்துவிட்டு வைஃபையில் செய்யும்போது முதல் சாளரத்தின் எண்ணும் சேர்ந்து ஏறினால், வைஃபையிலும் தனியாக ஒரு நெரிசல் இருக்கிறது. பதிவேற்றம் எதுவும் ஓடாமலே, மாலை நேரத்தில் மட்டும் இரண்டாம் எண் ஏறி இறங்கினால், தெருக் கிளையில் கூட்டம். அதை வீட்டிலிருந்து சரி செய்ய முடியாது. எண் ஏறாமல் இடையிடையே பதிலே வராமல் போனால், கம்பியிலோ இணைப்பானிலோ பழுது இருக்கலாம். தொழில்நுட்பரை அழைக்க வேண்டியதுதான்.

வீட்டில் யாரும் எதையும் அனுப்பவில்லை என்று எல்லோரும் சொல்லும் வேளையிலும் பதிவேற்றம் நடந்துகொண்டிருப்பது சாதாரணம். கைபேசியை இரவு சார்ஜில் போட்டதும் அன்றைய படங்களும் வீடியோக்களும் கிளவுடுக்கு ஏறத் தொடங்குகின்றன. கண்காணிப்புக் கேமராக்கள் நாள் முழுதும் அனுப்புகின்றன. விழாவுக்குப் போய் வந்த மாலையில் குடும்பத்தில் நான்கு கைபேசிகளும் ஒன்றாக ஏற்றத் தொடங்கினால், அழைப்பு ஏன் கெட்டது என்று யாருக்கும் விளங்காது. ரவுட்டரின் பக்கத்தில் எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்று காட்டும் பட்டியல் இருந்தால், முதலில் அங்கே பார்ப்பது நல்லது.

பதிவேற்றம் நிரம்பும்போது பதிவிறக்கமும் தளர்வது இன்னொரு அறிகுறி. டிசிபியில் வந்து சேர்ந்த பாக்கெட்டுகளுக்கு ஒப்புகை அனுப்ப வேண்டும்; அந்தச் சிறு ஒப்புகைகள் போவது பதிவேற்ற வழியில்தான். 300 மெகாபிட் பதிவிறக்கத்தில் நொடிக்கு 25,000 பாக்கெட் வரும். இரண்டுக்கு ஒன்று என்று ஒப்புகை அனுப்பினால் 12,500. ஒவ்வொன்றும் 66 பைட் அளவு என்றால் ஆறரை மெகாபிட் அதற்கே வேண்டும். கேபிள் மோடம்கள் தேவையற்ற ஒப்புகைகளைக் கழித்துவிட்டு அனுப்புவதால் நடைமுறையில் இது குறைகிறது. ஆனாலும் ஒப்புகைகள் முக்கால் நொடி வரிசையில் நின்றால், 300 மெகாபிட் திட்டத்திலும் இணையப் பக்கங்கள் தயங்கித் தயங்கித் திறக்கும்.

வரிசையை நம் கைக்குக் கொண்டுவருதல்

எளிய வழி, கோப்பை அனுப்பும் நிரலுக்கே வேக வரம்பு வைப்பது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஆகியவற்றின் கணினிச் செயலிகளில் பதிவேற்ற வேகத்தைக் கட்டுப்படுத்தும் இடம் அமைப்புகளில் உண்டு. அங்கே கேட்கப்படுவது நொடிக்குக் கிலோபைட் என்பதை மறக்கக் கூடாது. பத்து மெகாபிட் என்பது 1,250 கிலோபைட். அழைப்புக்கும் பிறவற்றுக்கும் இடம் விட்டு 850 என்று வைத்தால், கோப்பு ஏழு மெகாபிட்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். வழி ஒருபோதும் நிரம்பாததால் மோடத்தில் வரிசையே உருவாகாது. சேவையகத்துக்கு நேரடியாக அனுப்புபவர்கள் இவ்வாறு எழுதலாம்:

```
rsync --partial --bwlimit=850 kalyanam.mp4 user@server:/backup/
```

`--partial` என்பது, இடையில் இணைப்பு அறுந்தால் அதுவரை போனதை அழிக்காமல் வைத்திருந்து, மறுபடி அதே கட்டளையைக் கொடுக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்வதற்கு. இரண்டு மணி நேரம் ஓடும் பதிவேற்றம் முக்கால் பங்கு முடிந்த பின் அறுந்து, முதலிலிருந்து தொடங்குவதைவிடச் சலிப்பானது வேறில்லை. உலாவியில் இழுத்துவிடும் பல தளங்களில் இந்த வசதி இருப்பதில்லை. பெரிய கோப்புகளுக்கு அந்தந்தச் சேவையின் கணினிச் செயலியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

இந்த முறையின் குறை வெளிப்படை. அழைப்பு இல்லாத நேரத்திலும் கோப்பு ஏழிலேயே ஓடும். வரம்பு வைக்க வழியில்லாத கைபேசியும் கேமராவும் வழியை நிரப்பவும் செய்யும். அதற்கு ரவுட்டரில் செய்யும் ஏற்பாடே முழுமையானது. அதன் தத்துவம் சுருக்கமானது: மோடத்தின் பஃபரை நம்மால் மாற்ற முடியாது, ஆனால் ரவுட்டர் மோடத்துக்குக் கொடுக்கும் வேகத்தைப் பத்துக்குச் சற்றுக் கீழே, ஒன்பது என்று கட்டிவிட்டால், மோடம் நிரம்பாது. வரிசை ரவுட்டரில் நிற்கும். அங்கே அதை எப்படி நடத்துவது என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

அந்த வரிசையை நடத்தும் முறைகளில் முக்கியமானது, கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், ஒரு பாக்கெட் அதில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அது அளக்கிறது. 5 மில்லிநொடிக்கு மேல் நிற்பது தொடர்ந்தால், ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே தவறவிட்டு, வேகத்தைக் குறைக்கும்படி டிசிபிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதோடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை கொடுத்து, முறைவைத்து எடுக்கும் ஏற்பாடு சேர்ந்தது `fq_codel`, 2018இல் ஆர்.எஃப்.சி. 8290 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியானது. இதில் சிறிதளவே அனுப்பும் குரல் ஓட்டம், பெரிய கோப்பின் வரிசைக்குப் பின்னால் நிற்காமல் உடனே வெளியேறுகிறது. இதையே வேகக் கட்டுப்பாட்டோடு ஒன்றாக்கியது `cake`. OpenWrt என்ற திறந்த மென்பொருளைப் போட்ட ரவுட்டர்களில் SQM என்ற பக்கத்தில் இதைத் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸில் நேரடியாக எழுதினால் வெளிப்புற முகப்புக்கு இவ்வளவுதான்:

```
tc qdisc replace dev eth1 root cake bandwidth 9mbit docsis nat ack-filter
```

`docsis` என்ற சொல் கேபிளில் ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் கூடுதல் பைட்டுகளைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. `nat`, வீட்டில் எந்தக் கருவி அனுப்புகிறது என்று பார்த்துப் பங்கிட. `ack-filter`, மேலே சொன்ன ஒப்புகைகளில் தேவையற்றதைக் கழிக்க. வரம்பைத் திட்டத்தில் எழுதியுள்ள எண்ணிலிருந்து எடுக்காமல், பல வேளைகளில் சோதித்துக் கிடைத்த மிகக் குறைந்த எண்ணில் 90 விழுக்காடு என்று தொடங்கி, மேலே சொன்ன பிங் சோதனையைப் பார்த்துக்கொண்டே கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பதிவேற்றம் ஓடும்போதும் எண் 15இலிருந்து 25, 30க்கு மேல் போகாவிட்டால் வரம்பு சரியாக இருக்கிறது. திடீரென நூறுகளில் ஏறினால் வரிசை மறுபடி மோடத்துக்குப் போய்விட்டது. இன்னும் குறைக்க வேண்டும்.

நம் வீட்டில் ஒன்பது மெகாபிட் என்று கட்டிய பிறகு, அழைப்பு இல்லாத வேளையில் அதே 8 ஜிகாபைட் கோப்புக்கு ஏறத்தாழ இரண்டு மணி 6 நிமிடம் ஆகும். பதின்மூன்று நிமிடம் கூடுதல். அழைப்பு வந்தால் அதற்கு வேண்டிய இரண்டு மெகாபிட் தானாகவே கிடைக்கும், கோப்பு மீதி ஏழில் ஓடும், அழைப்பு முடிந்ததும் மறுபடி ஒன்பதுக்கு ஏறும்.

ரவுட்டரைத் தொட விரும்பாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு மோடத்திலேயே இருக்கிறது. டாக்சிஸ் 3.1 தரத்தில், கோடெலைப் போன்ற நோக்கமுடைய பை என்ற முறை மோடத்தின் பதிவேற்ற வரிசைக்குக் கட்டாயமாக்கப்பட்டது. இதன் பலனை அமெரிக்கக் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் 2021இல் வெளியிட்ட ஆய்வு நன்கு காட்டியது. தோற்றத்திலும் வேலையிலும் ஒன்றான இரு வகைப் பெட்டிகள் வாடிக்கையாளர் வீடுகளில் இருந்தன. ஒன்றில் இந்த முறை இயங்கியது, மற்றதில் இல்லை. பதிவேற்றச் சுமையின்போது இல்லாத பெட்டியில் தாமதம் 250 மில்லிநொடி அளவு இருக்க, இருந்த பெட்டியில் 15 முதல் 30க்குள் நின்றது. திட்டம் மாறவில்லை, வேகம் மாறவில்லை. பழைய 3.0 மோடம் வைத்திருப்பவர், வேகமான திட்டத்தைக் கேட்பதற்கு முன் 3.1 மோடத்தைக் கேட்டு வாங்குவது பல வீடுகளில் கூடுதல் பயன் தரும்.

செல்பேசி அலை வழியே வீட்டுக்கு இணையம் தரும் 4ஜி, 5ஜி பெட்டிகளுக்கு மட்டும் இந்த நிலையான வரம்பு சரிவராது. அங்கே ஒரே அலைவரிசையை நேரம் பிரித்து இரு திசைக்கும் பயன்படுத்தும் முறைகளில், நேரத்தின் பெரும்பகுதி பதிவிறக்கத்துக்கே போகிறது. அதோடு, கிடைக்கும் பதிவேற்ற வேகம் காலையில் இருபதும் மாலையில் மூன்றுமாக ஆடக்கூடும். ஒன்பது என்று கட்டினால் மாலையில் பயனில்லை, மூன்று என்று கட்டினால் காலையில் வீண். அத்தகைய வீடுகளில் பெரிய கோப்புகளை இரவில் ஏற நேரம் குறித்துவிடுவதும், அழைப்பு நேரத்தில் கைபேசிகளின் படக் காப்பை நிறுத்திவைப்பதும்தான் நம்பகமான வழிகள்.

இவை எதுவும் கோப்பை வேகமாக அனுப்பாது. வாரத்துக்கு ஒரு கோப்பு என்றால் இரவில் ஏற்றிவிடலாம். நாள்தோறும் இப்படி அனுப்பும் வீடியோத் தொழிலாளருக்குத் திட்டம்தான் மாற வேண்டும். மாற்றும்போது பார்க்க வேண்டியது பெரிய எழுத்தில் உள்ள எண்ணை அல்ல. கேபிள் நிறுவனங்களின் படிநிலைகளில் 300இலிருந்து 500க்கு ஏறினாலும் பதிவேற்றம் அதே பத்தில் நிற்கலாம். ஒரு படி மேலே 30 ஆகலாம். முப்பது கிடைத்தால் அந்த 8 ஜிகாபைட் கோப்பு 38 நிமிடத்தில் போய்விடும். பெருங்கோப்புகளால் பிழைப்பவர் தம் தெருவுக்கு இழை வந்திருக்கிறதா, வந்திருந்தால் இரு திசைக்கும் என்ன வேகம், கேபிளிலேயே பதிவேற்றத் துண்டு விரிவாக்கப்பட்டிருந்தால் அதைப் பயன்படுத்தத் தம் மோடத்துக்கு இயலுமா என்ற மூன்றையும் நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.